போட்டோவுல இருக்கிற இசட் டேபிளை வச்சு நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் கணக்கு போடுறது எப்படி

நார்மல் டிஸ்ட்ரிபியூஷன் கணக்குல பார்முலா ஒரே ஒரு வரிதான், அதுல யாரும் பெருசா தடுமாற மாட்டாங்க. மார்க் போறதெல்லாம் அதுக்கப்புறம் டேபிளை பார்க்கிற இடத்துலதான். அதுவும் டேபிள் புத்தகமா கையில இல்லாம, யாரோ அவசரத்துல எடுத்து அனுப்பின போட்டோவா இருந்துட்டா, தலைப்பு வெட்டுப்பட்டிருக்கும், பக்கம் வளைஞ்சிருக்கும், 3 எது 8 எதுன்னு தெரியாது, நம்ம விடையும் புத்தகத்து விடையும் ஒத்தே போகாது, ஆனா எங்க பிசகுச்சுன்னு மட்டும் தெரியாது. இதோட நல்லா மல்லுக்கட்டின பிறகுதான் எனக்கு ஒரு ஒழுங்கு பிடிபட்டுது. புதுசா படிக்கிறவங்க அவ்வளவு கஷ்டப்பட வேணாம்னு அதை அப்படியே எழுதுறேன்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கலாம், கடைசி வரைக்கும் அதையே வச்சு போவோம். ஒரு மெஷின் பாட்டில்ல தண்ணி நிரப்புது. ஒரு பாட்டில்ல விழுற அளவு மில்லிலிட்டர்ல X ~ N(502, 16). கேள்வி நாலு:

(அ) ஒரு பாட்டில்ல 507க்கு மேல இருக்க வாய்ப்பு எவ்வளவு?
(ஆ) 500க்கு கீழ இருக்க?
(இ) 497க்கும் 508க்கும் நடுவுல இருக்க?
(ஈ) 5 சதவீத பாட்டில் மட்டும் தாண்டுற அளவு எது?

## 1. கணக்கை தொடுறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

கணக்கோட கேள்வி முழுசா வேணும், டேபிள் பக்கமும் முழுசா வேணும். முழுசான்னா நம்பர் இருக்கிற நடுப்பகுதி மட்டும் இல்லைங்க. பக்கத்து மேல இருக்கிற தலைப்பு, அதுக்கு கீழ சின்னதா மணி மாதிரி ஒரு வளைவு வரைஞ்சு ஒரு பகுதிக்கு நிழல் போட்டிருப்பாங்களே அந்த படம், இடது ஓரத்துல மேலிருந்து கீழ போற நம்பர், மேல குறுக்கால போற நம்பர், இது நாலும் போட்டோவுல வந்திருக்கணும். இதுல அந்த நிழல் போட்ட படம்தான் ரொம்ப முக்கியம், ஆனா போட்டோ எடுக்கிறவங்க முதல்ல வெட்டுறதும் அதைத்தான்.

சில புத்தகத்துல டேபிள் ரெண்டு பக்கமா இருக்கும், மைனஸ் நம்பருக்கு ஒண்ணு, பிளஸ் நம்பருக்கு ஒண்ணு. ரெண்டும் கிடைச்சா நல்லது, பிளஸ் பக்கம் மட்டும் இருந்தாலும் போதும், அதை வச்சே எல்லாம் போட்டுடலாம், கீழ வரும்.

நீங்களே எடுக்கிறதா இருந்தா பக்கத்தை தட்டையா அழுத்தி வச்சு நேர் மேலிருந்து எடுங்க, பிளாஷ் வேணாம், பளபளப்பு தாள்ல அது நடுவுல வெள்ளையா ஒரு ஓட்டை போட்டுடும். அனுப்பும்போது மெசேஜ் ஆப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்க, இல்லன்னா அது படத்தை சுருக்கி சின்ன எழுத்தை எல்லாம் கரைச்சுடும். செலவுன்னு இதுல எதுவும் இல்ல, திரும்ப ஒரு தடவை போட்டோ எடுக்கிற நேரம்தான். மங்கலா இருக்கிறதை வச்சு முழிச்சுக்கிட்டு உட்கார்றதை விட திரும்ப கேட்டு வாங்குறது எப்பவுமே சீக்கிரம் முடியும்.

## 2. இது எந்த டேபிள்னு முதல்ல கண்டுபிடிங்க

எல்லாரும் தவறவிடுற இடம் இதுதான், அதனால இங்க கொஞ்சம் நின்னு போவோம்.

இசட் டேபிள்னு ஒரே ஒரு டேபிள் கிடையாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கிற மூணு டேபிள் புழக்கத்துல இருக்கு. முதல் வகை, இடது கோடியில இருந்து உங்க z வரைக்கும் இருக்கிற மொத்த ஏரியாவை சொல்லும். ரெண்டாவது வகை, நடுவுல இருக்கிற 0ல ஆரம்பிச்சு z வரைக்கும் உள்ள ஏரியாவை மட்டும் சொல்லும், அதாவது வளைவோட வலது பாதியில ஒரு துண்டு. மூணாவது வகை, z-ல இருந்து வலது கோடி வரைக்கும் மிச்சம் இருக்கிற வாலை சொல்லும். மூணுக்கும் இடது ஓரம், மேல் தலைப்பு எல்லாம் அச்சு அசல் ஒண்ணா இருக்கும், உள்ள இருக்கிற நம்பர்தான் வேற. ஒருத்தர் வீடியோவுல ஒரு வகை டேபிளை வச்சு சொல்லிக்கொடுப்பார், நம்ம கையில இன்னொரு வகை இருக்கும், அவர் சொன்னபடியே ஒண்ணுல இருந்து கழிப்போம், விடை நாசமாகிடும்.

படம் வெட்டுப்பட்டிருந்தாலும் டேபிள் எந்த வகைன்னு நம்பரை பார்த்தே சொல்லிடலாம். z = 1.00 எங்க இருக்குன்னு பாருங்க, அதாவது இடது ஓரத்துல 1.0, மேல .00. அங்க

- 0.8413 இருந்தா இடது கோடியில இருந்து வர்ற டேபிள்,
- 0.3413 இருந்தா நடுவுல இருந்து வர்ற டேபிள்,
- 0.1587 இருந்தா வலது வால் டேபிள்.

1.0 வரிசை போட்டோவுல இல்லன்னா முதல் வரிசையை பாருங்க. 0.0000, 0.0040ன்னு ஆரம்பிச்சா நடுவுல இருந்து வர்றது. 0.5000ல ஆரம்பிச்சா ரெண்டுல ஒண்ணு, அடுத்த நம்பர் 0.5040ன்னு ஏறினா இடது டேபிள், 0.4960ன்னு இறங்கினா வலது வால் டேபிள். முதல் நம்பரை மட்டும் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க, 0.5000 ரெண்டுக்கும் பொது.

0.3989ல ஆரம்பிச்சா அது ஏரியா டேபிளே இல்ல, வளைவோட உயரத்தை சொல்ற டேபிள், சில புத்தகத்துல இசட் டேபிளுக்கு பக்கத்து பக்கத்துலயே இருக்கும். அதை வச்சு வாய்ப்பு கண்டுபிடிக்க முடியாது, சரியான பக்கத்தை கேட்டு வாங்கிடுங்க.

மைனஸ் டேபிள்ல இன்னொரு சங்கடம் இருக்கு. போட்டோ மங்கலா இருந்தா மைனஸ் குறி முதல்ல காணாம போகும், அப்ப -1.2ங்கிறது வெறும் 1.2 மாதிரி தெரியும், உள்ள 0.1056ன்னு இருக்கும், வலது வால் டேபிள்னு நினைச்சுக்குவோம். பக்கம் எந்த பக்கமா போகுதுன்னு பாருங்க. மைனஸ் டேபிள் பெரும்பாலும் மேல 3.4ல தொடங்கி 0.0003 மாதிரி குட்டி நம்பரோட ஆரம்பிச்சு கீழ 0.5000ல முடியும், வலது வால் டேபிள் மேல 0.5000ல ஆரம்பிச்சு கீழ குட்டியாகும். மாத்தி நினைச்சாலும் நம்பர் ஒண்ணுதான், ஏன்னா வளைவு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, -1.25க்கு இடது பக்கம் இருக்கிற வாலும் 1.25க்கு வலது பக்கம் இருக்கிற வாலும் ஒரே அளவு. ஆனா அந்த 0.1056 எந்த பக்கத்து வால்னு குழம்பிட்டா அடுத்த ஸ்டெப்ல மாட்டுவீங்க.

வகை தெரிஞ்சதும் விடைத்தாள் ஓரத்துல சின்னதா ஒரு வளைவு வரைஞ்சு எந்த பக்கம் நிழல்னு போட்டு வச்சுக்கோங்க. இந்த முழு ஸ்டெப்புக்கும் அரை நிமிஷம் கூட ஆகாது, ஆனா இதை விட்டுட்டா மத்த எல்லா ஸ்டெப்பும் சரியா செஞ்சும் பிரயோஜனம் இல்ல.

## 3. z கண்டுபிடிச்சு ரெண்டா பிரிங்க

z = (x − μ) / σ

இதுல ஒரே ஒரு பொறி: N(502, 16)ல 16ங்கிறது வேரியன்ஸ், ஸ்டாண்டர்ட் டீவியேஷன் இல்ல. σ = √16 = 4. வழக்கமா N-க்குள்ள ரெண்டாவதா எழுதுறது வேரியன்ஸ்தான், சிலர் N(502, 4²)ன்னு எழுதி வேலையை சுலபமாக்குவாங்க. கேள்வியில ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 4ன்னு வார்த்தையா கொடுத்திருந்தா வர்க்கமூலம் எடுக்க வேணாம். 16ஆல வகுத்தீங்கன்னா 507க்கு z 0.3125ன்னு வரும், பார்க்க நல்ல நம்பர் மாதிரியே இருக்கும், டேபிள்ல விடையும் கிடைக்கும், அதனால சந்தேகமே வராது.

507க்கு z = (507 − 502) / 4 = 1.25.

இப்ப 1.25ஐ ரெண்டா பிரிக்கணும். புள்ளிக்கு அப்புறம் முதல் இலக்கம் வரைக்கும் இடது ஓரத்துல தேடணும், அது 1.2. ரெண்டாவது இலக்கம் மேல் தலைப்புல, அது .05. ரெண்டையும் கூட்டினா உங்க z வரணும், 1.2 + 0.05 = 1.25. இந்த கூட்டலை மனசுக்குள்ள போட்டு பார்க்கிற பழக்கம் வச்சுக்கோங்க, ஏன்னு (ஆ)வுல தெரியும்.

z ரெண்டு இலக்கத்துல முடியலைன்னா, உதாரணமா 1.6667 வந்தா, 1.67ன்னு ரவுண்ட் பண்ணிட்டு பாருங்க. ரவுண்ட் பண்றது z கிடைச்ச பிறகுதான், நடுவுல பண்ணாதீங்க.

## 4. போட்டோவுல சரியான கட்டத்துக்கு போறது

புத்தகமா இருந்தா ஸ்கேலை வச்சு நேரா போயிடலாம். போட்டோவுல பக்கம் லேசா வளைஞ்சிருக்கும், 1.2ல ஆரம்பிச்ச கண்ணு வலது பக்கம் போகும்போது 1.3 வரிசைக்கு சறுக்கிடும். நமக்கு வேண்டிய .05 பக்கத்தோட நடுவுல இருக்கு, பரவாயில்ல, .08, .09 எல்லாம் மோசமான இடம்.

முதல்ல படத்தை எடிட்ல போட்டு அந்த வரிசை நேராகுற வரைக்கும் சாய்ச்சுக்கோங்க. அப்புறம் போன்லயே இருக்கிற பேனாவால இடது ஓரத்து 1.2ல இருந்து ஒவ்வொரு நம்பருக்கு அடியிலயும் ஒட்டி ஒட்டி கோடு இழுங்க, ஒரேயடியா நேர்கோடு போடாதீங்க, பக்கம் வளைஞ்சா கோடும் வளையட்டும். அதே மாதிரி .05ல இருந்து கீழ இறங்குங்க. பெருசாக்கி பார்க்கும்போது தலைப்பு திரைக்கு வெளிய போயிடும், நாம எந்த நெடுவரிசையில நிக்கிறோம்னே மறந்துடும், அதனால கோடு போட்டுட்டுதான் பெருசாக்கணும்.

இடது டேபிளா இருந்தா 1.2 வரிசை இப்படி இருக்கும்:

```
z     .00     .01     .02     .03     .04
1.2   0.8849  0.8869  0.8888  0.8907  0.8925

z     .05     .06     .07     .08     .09
1.2   0.8944  0.8962  0.8980  0.8997  0.9015
```

வரிசை சறுக்கலைன்னு உறுதி பண்ண ஒரு சோதனை இருக்கு. ஒரு வரிசையோட கடைசி நம்பருக்கும் அடுத்த வரிசையோட முதல் நம்பருக்கும் தொடர்ச்சி இருக்கணும். 1.2 வரிசை 0.9015ல முடியுது, 1.3 வரிசை 0.9032ல ஆரம்பிக்குது, வித்தியாசம் 17 (கடைசி இலக்கத்துல), வரிசைக்குள்ளயும் கிட்டத்தட்ட 18, 19, 20தான் ஓடுது. நீங்க 1.2னு நினைச்சு போன வரிசை 0.9177ல முடிஞ்சா, சறுக்கி 1.3க்கு வந்துட்டீங்க.

இதே விஷயத்தை மங்கலான இலக்கத்துக்கும் பயன்படுத்தலாம், இதுதான் போட்டோ டேபிளுக்கு எனக்கு ரொம்ப பிடிச்ச வழி. 1.25ல இருக்கிறது 0.8944ஆ 0.8949ஆன்னு தெரியலைன்னு வைங்க. பக்கத்துல இருக்கிற ரெண்டும் தெளிவா தெரியுது, இடது பக்கம் 0.8925, வலது பக்கம் 0.8962. 0.8944னு வச்சா இடைவெளி 19, 18. 0.8949னு வச்சா 24, 13. அந்த வளைவுல இடைவெளி இப்படி திடீர்னு குதிக்காது, மெதுவாதான் மாறும், அதனால 0.8944தான். ரவுண்ட் பண்ணினதால ஒண்ணு ரெண்டு கூட குறைய இருக்கும், அஞ்சு ஆறு குதிச்சா நீங்க படிச்சது தப்பு. அப்படியும் தெரியலைன்னா ரெண்டு பக்கத்து நம்பரோட சராசரியே போதும், (0.8925 + 0.8962) / 2 = 0.89435, கிட்டத்தட்ட அதேதான்.

இடது ஓரமே வெட்டுப்பட்டிருந்தா முதல் நெடுவரிசையை வச்சு எண்ணிக்கிட்டு வாங்க, 0.5000ல ஆரம்பிக்கிறது 0.0 வரிசை, 0.8413ல ஆரம்பிக்கிறது 1.0 வரிசை, அதுக்கு கீழ ரெண்டாவது 1.2. சில டேபிள்ல வரிசை அஞ்சுக்கு ஒரு தடவை சின்ன இடைவெளி விட்டிருப்பாங்க, அந்த இடைவெளியை ஒரு வரிசைன்னு எண்ணிடாதீங்க.

சில அச்சுல முன்னாடி 0 இல்லாம .8944ன்னும் சிலதுல புள்ளியே இல்லாம 8944ன்னும் இருக்கும், எல்லாம் ஒண்ணுதான், 0.8944ன்னே எழுதுங்க.

## 5. வலது ஓரத்துல தனியா 1ல இருந்து 9 வரைக்கும் இருந்தா

சில பரீட்சை டேபிள்ல .09க்கு அப்புறம் ஒரு கோடு போட்டு இன்னும் ஒன்பது குட்டி நெடுவரிசை இருக்கும், மேல ADDன்னு எழுதியிருக்கும். அது z-ஓட மூணாவது இலக்கத்துக்கு. நம்ம 1.25க்கு அது தேவையே இல்ல. z = 1.254ன்னு வந்திருந்தா 1.2, .05ல 0.8944 எடுத்துட்டு, அதே வரிசையில 4க்கு கீழ இருக்கிற 7ஐ கடைசி இலக்கத்துல கூட்டணும்: 0.8944 + 0.0007 = 0.8951. முழு 7ஐயோ 0.7ஐயோ கூட்டக்கூடாது. வலது வால் டேபிள்ல இதே நெடுவரிசை இருந்தா கழிக்கணும், ஏன்னா அங்க z ஏற ஏற நம்பர் இறங்குது. போட்டோவுல ADDங்கிற தலைப்பு வெட்டுப்பட்டிருந்தா, அந்த குட்டி நம்பரை எல்லாம் பார்த்து புதுசா ஏதோன்னு பயப்படாதீங்க, மூணாவது இலக்கம் இல்லன்னா அந்த பக்கமே போக வேணாம்.

## 6. கேள்வி (அ): 507க்கு மேல

z = 1.25, கேள்வி வலது பக்கத்து வால். இப்ப எந்த டேபிள்ங்கிறதை பொறுத்து:

இடது டேபிள்ல 0.8944 கிடைச்சது, அது 507க்கு கீழ இருக்கிறது, அதனால 1 − 0.8944 = 0.1056. நடுவுல இருந்து வர்ற டேபிள்ல அதே கட்டத்துல 0.3944 இருக்கும், வலது பாதி மொத்தம் 0.5, அதனால 0.5 − 0.3944 = 0.1056. வலது வால் டேபிள்ல நேரா 0.1056ன்னே இருக்கும், எதையும் கழிக்க வேணாம்.

மூணு வழியிலயும் ஒரே விடை. "மேலன்னா ஒண்ணுல இருந்து கழி"ன்னு மனப்பாடம் பண்ணினவங்க நடுவுல இருந்து வர்ற டேபிள்ல 1 − 0.3944 = 0.6056ன்னு எழுதுவாங்க. இதை பிடிக்க ஒரு கேள்வி போதும்: 507 சராசரியை விட பெருசு, அதுக்கும் மேல இருக்கிறது பாதிக்கு கம்மியாதானே இருக்கணும்? 0.6 எப்படி வரும்? விடை 0.5க்கு மேலயா கீழயான்னு டேபிளை பார்க்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி எழுதி வச்சுட்டா பாதி தப்பு அங்கயே மாட்டிக்கும்.

சரியா 507 இருந்தா அதை சேர்க்கணுமா வேணாமான்னு நிறைய பேர் கேட்பாங்க. இந்த மாதிரி தொடர்ச்சியான அளவுல ஒரே ஒரு புள்ளியோட வாய்ப்பு 0, அதனால 507க்கு மேலன்னாலும் 507 அல்லது அதுக்கு மேலன்னாலும் விடை ஒண்ணுதான்.

## 7. கேள்வி (ஆ): 500க்கு கீழ

z = (500 − 502) / 4 = −0.5.

இங்கதான் அந்த கூட்டலை போட்டு பார்க்க சொன்னது. 0.5ங்கிறதை பார்த்ததும் கை தானா மேல் தலைப்புல .05க்கு போகும், அங்க முதல் வரிசையில 0.5199 இருக்கும். ஆனா 0.0 + 0.05 = 0.05, நமக்கு வேண்டியது 0.50. அதனால எப்பவும் z-ஐ ரெண்டு இலக்கத்தோட எழுதுங்க, −0.5னு விடாம −0.50ன்னு. இடது ஓரத்துல 0.5, மேல .00.

மைனஸ் டேபிள் இருந்தா −0.5, .00ல நேரா 0.3085. இல்லன்னா பிளஸ் பக்கத்துல 0.50க்கு 0.6915, 500க்கு கீழ இருக்கிறது 1 − 0.6915 = 0.3085. நடுவுல இருந்து வர்ற டேபிள்ல 0.1915, அப்ப 0.5 − 0.1915 = 0.3085. வலது வால் டேபிள்ல 0.50க்கு நேராவே 0.3085, இங்க அந்த ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிங்கிறது வேலையை முடிச்சுடுது.

மைனஸ் டேபிள்ல −1.25 தேடும்போது −1.2 வரிசையில .05க்கு போகணும், ரெண்டாவது இலக்கம் மைனஸ் பக்கமாவே மேல தள்ளும், −1.2 + 0.05 = −1.15ன்னு போட்டுக்கிட்டு குழம்பாதீங்க. மைனஸை கழட்டி வச்சுட்டு 1.25ஆ பிரிச்சு, அப்புறம் மைனஸை மாட்டிக்கோங்க. சில மைனஸ் டேபிள்ல மேல் தலைப்பு இடமிருந்து வலமா .09, .08, .07ன்னு தலைகீழா இருக்கும், தலைப்பை படிக்காம ஆறாவது கட்டம்னு எண்ணிட்டு போனா .04ல போய் நிப்பீங்க.

## 8. கேள்வி (இ): 497க்கும் 508க்கும் நடுவுல

497க்கு z = −1.25, 508க்கு z = 1.50.

இடது டேபிள்ல பெருசுல இருந்து சின்னதை கழிக்கணும்: 1.50க்கு 0.9332, −1.25க்கு 0.1056, விடை 0.8276. மைனஸை மறந்துட்டு 0.9332 − 0.8944 = 0.0388ன்னு போடுறது ரொம்ப சகஜம். 497ல இருந்து 508 வரைக்கும் சராசரியை நடுவுல வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் நல்லா விரிஞ்ச பட்டை, அதுல நூத்துக்கு நாலு பாட்டில் கூட இல்லன்னா நம்புவீங்களா?

நடுவுல இருந்து வர்ற டேபிள்ல கழிக்கக்கூடாது, கூட்டணும். −1.25ல இருந்து 0 வரைக்கும் 0.3944, 0ல இருந்து 1.50 வரைக்கும் 0.4332, மொத்தம் 0.8276. ரெண்டு z-ம் 0க்கு ஒரே பக்கமா இருந்தா மட்டும்தான் அந்த டேபிள்ல கழிக்கிறது. வலது வால் டேபிள்ல ரெண்டு வாலையும் வெட்டிடுங்க: 1 − 0.1056 − 0.0668 = 0.8276.

## 9. கேள்வி (ஈ): டேபிளை தலைகீழா படிக்கிறது

இதுவரைக்கும் ஓரத்துல இருந்து உள்ள போனோம், இப்ப உள்ள இருந்து ஓரத்துக்கு வரணும். 5 சதவீத பாட்டில் மட்டும் தாண்டுற அளவுன்னா வலது வால் 0.05. அந்த 0.05ஐ மேல் தலைப்புல தேடக்கூடாது, அங்க .05ன்னு ஒண்ணு இருக்கும், இருந்தாலும் அது வேற விஷயம், அது z-ஓட இலக்கம். வாய்ப்பு எப்பவும் டேபிளுக்கு உள்ளதான் இருக்கும்.

உள்ள எந்த நம்பரை தேடணும்ங்கிறதும் டேபிள் வகையை பொறுத்துதான். இடது டேபிள்ல 0.95, நடுவுல இருந்து வர்றதுல 0.45, வலது வால்ல 0.05. இடது டேபிள்ல போனா 1.6 வரிசையில .04ல 0.9495, .05ல 0.9505, நமக்கு வேண்டிய 0.9500 ரெண்டுக்கும் சரியா நடுவுல. அதனால z = 1.645. மத்த நேரத்துல கிட்ட இருக்கிறதை எடுத்தா போதும், உதாரணமா 0.90 தேடினா 0.8997 (1.28), 0.9015 (1.29) ரெண்டுல 1.28தான் கிட்ட. போட்டோவுல உள்ள தேடும்போது முதல் நெடுவரிசையை மட்டும் கீழ இறங்கி பாருங்க, 1.6 வரிசை 0.9452ல ஆரம்பிக்குது, 1.7 வரிசை 0.9554ல, 0.95 ரெண்டுக்கும் நடுவுல, அப்ப 1.6 வரிசைக்குள்ளதான் இருக்கணும். மொத்த பக்கத்தையும் கண்ணால துழாவ வேணாம்.

x = μ + zσ = 502 + 1.645 × 4 = 508.58 மில்லிலிட்டர்.

மைனஸ் டேபிளோட இடது டேபிளை வச்சுக்கிட்டு 0.05ஐயே தேடினவங்களுக்கு −1.645 வந்து விடை 495.42ன்னு வரும். 495ஐ 5 சதவீத பாட்டில்தான் தாண்டும்னா சராசரி எப்படி 502 ஆச்சு?

## 10. சரி பார்க்கிறது

வீட்டுல போடும்போது விடையை கம்ப்யூட்டர்ல சரி பார்த்துக்கோங்க, காசு எதுவும் இல்ல. ஸ்ப்ரெட்ஷீட்ல `=NORM.S.DIST(1.25,TRUE)`ன்னு போட்டா 0.89435 வரும், அது இடது டேபிளோட நம்பர். TRUEக்கு பதிலா FALSE போட்டா 0.18265ன்னு வளைவோட உயரம் வரும், அது நமக்கு வேணாம். பைத்தான் இருந்தா:

```python
from statistics import NormalDist
X = NormalDist(502, 4)
print(1 - X.cdf(507))
print(X.cdf(500))
print(X.cdf(508) - X.cdf(497))
print(X.inv_cdf(0.95))
```

இங்க ரெண்டாவதா கொடுக்கிறது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், வேரியன்ஸ் இல்ல, அதனால 16 போடாம 4 போட்டிருக்கேன். மூணாவது விடை 0.82754ன்னு வரும், நாம டேபிள்ல 0.8276 எடுத்தோம். கடைசி இலக்கத்துல ஒண்ணு வித்தியாசம் வர்றது தப்பில்ல, டேபிள்ல ரெண்டு நம்பரும் தனித்தனியா ரவுண்ட் ஆகியிருக்கு, அதோட விளைவு. நாலாவது இலக்கத்துல ஒண்ணு ரெண்டு தள்ளினா விட்டுடுங்க, ரெண்டாவது இலக்கமே மாறினா வரிசை சறுக்கியிருக்கும், 0.5க்கு அந்த பக்கம் இந்த பக்கம் மாறியிருந்தா ரெண்டாவது ஸ்டெப்புக்கு திரும்பி போய் டேபிள் எந்த வகைன்னு மறுபடி பாருங்க.

பரீட்சையில டேபிள் பக்கம் கையில கிடைச்ச உடனே, கேள்வியை தொடுறதுக்கு முன்னாடி, 1.00க்கு என்ன இருக்குன்னு மட்டும் பார்த்துடுங்க. அந்த தாள்ல இருக்கிற வகை நீங்க வீட்டுல போன்ல வச்சு பழகின வகையாவே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. விடை எழுதும்போது டேபிள்ல எடுத்த நம்பரையும் தனியா ஒரு வரியில காட்டுங்க, P(Z < 1.25) = 0.8944ன்னு, அதுக்கு கீழ கழித்தல். கடைசியில ஏதாவது பிசகினாலும் டேபிள் சரியா படிச்சதுக்கான மார்க் கிடைக்க வாய்ப்பிருக்கு.